மூன்றாம் முறை ஏற்கப்பட்ட கடிதம்

எங்கள் மின்சுற்று வரைபடங்கள் அனைத்துக்கும் ஒரே குறியீட்டு முறையும், ஒவ்வொரு தாளிலும் குறி விளக்கமும் வேண்டும் என்று நான் எழுதிய கடிதம் இரண்டு முறை திரும்பி வந்து, சென்ற வாரம்தான் ஏற்கப்பட்டது. சேலத்தில் மோட்டார் பேனல் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் நான் ஜூனியர் இன்ஜினியர்; சேர்ந்து ஓராண்டு ஆகிறது.

கடிதத்துக்குக் காரணம் ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றிலுள்ள சிங்கிள் பேஸ் பம்ப். பச்சைப் பொத்தானை அழுத்தியிருக்கும் வரை ஓடுகிறது, கையை எடுத்தால் நின்றுவிடுகிறது என்று புகார் வந்தது. 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போய்ப் பார்த்தால், கையை எடுத்த பிறகும் மோட்டாரை ஓட வைக்க, பொத்தானுக்கு இணையாக வரவேண்டிய ஹோல்டிங் கான்டாக்ட்டுக்கு வயரே இழுக்கப்படவில்லை. அங்கேயே வயரிங் செய்த எங்கள் வயர்மேன் அண்ணன், அன்று கரண்ட் இல்லாததால் ஓட்டிப் பார்க்காமல் இறங்கிவிட்டிருக்கிறார்.

அவர்மேல் தவறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கையிலிருந்த வரைபடத் தாளின் மேற்பாதியை ஐ.இ.சி. 60617 என்ற சர்வதேசக் குறியீட்டு முறையில் ஒருவர் வரைந்திருந்தார்; அதில் இரண்டு இணைகோடுகள் மோட்டாரின் கெப்பாசிட்டரைக் குறித்தன. கீழ்ப்பாதியிலுள்ள கன்ட்ரோல் சுற்றை இன்னொருவர் அமெரிக்க ஏணி முறையில் வரைந்திருந்தார். அதில் அதே இணைகோடுகள் இயல்பில் திறந்திருக்கும் கான்டாக்ட்டைக் குறித்தன. "பொறி அடிக்காமலிருக்கப் போடும் கெப்பாசிட்டர் என்று நினைத்தேன் தம்பி, மதிப்பு எழுதாததால் பிறகு கேட்டுப் போடலாம் என்று விட்டுவிட்டேன்" என்றார் அவர். குறியருகே 13, 14 என்ற முனை எண்கள் இருந்திருந்தாலே கான்டாக்ட் என்று கண்டுகொண்டிருப்பார்.

முதல் கடிதத்தை எட்டுப் பக்கத்துக்கு எழுதினேன், யாரும் படிக்கவில்லை. இரண்டாவதில் பழைய வரைபடங்கள் அனைத்தையும் திருத்த வேண்டும் என்று கேட்டதால், ஆளும் நேரமும் எங்கே என்று மேலாளர் திருப்பிவிட்டார். வரைவுப் பிரிவின் மூத்தவரிடம் முன்கூட்டிச் சொல்லாமல் அனுப்பியதும் என் பிழையே. தம்மைக் குறை கூறுவதாக அவர் வருந்தினார். இப்படி எழுத நினைப்பவர்கள் முதலில் அவரைப் போன்றவரிடம் தாளைக் காட்டுங்கள்.

மூன்றாவது கடிதம் ஒரே பக்கம். ஏற்காட்டுத் தாளின் அந்த இரு குறிகளையும் அருகருகே ஒட்டி, கீழே மூன்று கோரிக்கைகளை மட்டும் வைத்தேன். புதிய வரைபடங்களும், திருத்தத்துக்கு வரும் பழையவையும் மட்டும் ஐ.இ.சி. முறைக்கு மாறட்டும். அந்தத் தாளில் உள்ள குறிகளுக்கு மட்டுமான விளக்கம் அந்தத் தாளின் ஓரத்திலேயே இருக்கட்டும், ஏனெனில் வேலையிடத்துக்குப் போவது பெரும்பாலும் ஒற்றைத் தாள்தான். பவர் வயரையும் கன்ட்ரோல் வயரையும் நிறத்தால் பிரிக்காமல் கோட்டின் தடிமனால் பிரிப்போம். கறுப்புவெள்ளை நகலில் சிவப்பும் நீலமும் ஒன்றாகிவிடுகின்றன.

மூத்தவரே நான்காவதாக ஒன்றைச் சேர்த்துக் கையெழுத்திட்டார்: எல்லாக் கான்டாக்ட்டுகளும் மின்சாரம் இல்லாத நிலையிலேயே வரையப்பட வேண்டும், அதுவும் குறி விளக்கத்தில் ஒரு வரியாக எழுதப்பட வேண்டும். எனக்குத் தோன்றாமற்போன விதி அது. முதலில் திருத்தியது அந்தப் பம்பின் தாளைத்தான். பேனல் கதவின் உட்புறம் ஒட்டுவதற்கு வயர்மேன் அண்ணனிடமே கொடுத்தனுப்பினேன்.