ஐஸ் பெட்டி சுமந்த கைகள்

மகள் பிறந்து பதினோராம் நாள், எல்லோரும் தூங்கின பிறகு, ஸ்டேட்டஸில் போடப்போகும் அவள் படத்துக்கு நாலு வார்த்தை எழுத உட்கார்ந்தேன். அந்த நாலு வார்த்தைக்கு மூன்று ராத்திரி ஆகிவிட்டது. பெயர் சொல்லாமல் எழுதுவதால்தான் இதையெல்லாம் இங்கே சொல்ல முடிகிறது.

முதலில் எழுதியது இது: “ஏழு வருடக் காத்திருப்பு, எத்தனையோ ஊசி, எத்தனையோ கண்ணீர், இதோ எங்கள் தேவதை.” எழுதும்போது நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. காலையில் படித்தபோது பயம் வந்துவிட்டது. ஏழு வருடம் என்று போட்டால் எங்கள் தெருவில் அடுத்த கேள்வி “யாருக்குக் குறை?” என்பதுதான். ஊசி என்று போட்டால் எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு செலவு, தானாகத் தங்கினதா என்று கேட்பார்கள். என் மகள் வளர்ந்து இதைப் படிக்கும்போது, தன் பிறப்பின் கதையை ஊரே தனக்கு முன்னால் தெரிந்து வைத்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றக் கூடாது. அதனால் வருடக் கணக்கையும் ஊசியையும் எடுத்துவிட்டேன்.

அப்புறம்தான் படத்தால் மாட்டிக்கொண்டேன். நான் எழுதி முடிப்பதற்குள் நாத்தனார் பாசத்தில் ஒரு படத்தை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார். தொட்டில் பக்கத்தில் என் ஃபைல் கிடந்தது, பெரிதாக்கிப் பார்த்தால் அதில் ‘கருத்தரிப்பு மையம்’ என்ற எழுத்து தெளிவாகத் தெரிந்தது. பிள்ளையின் கையில் கட்டிய பட்டையில் என் பெயரும் பதிவு எண்ணும் இருந்தன. நான் அழுதுகொண்டே போன் செய்ய, உடனே அழித்துவிட்டார். அதற்குள் நாற்பது பேர் பார்த்திருந்தார்கள். அவர் மேல் கோபம் இல்லை, ஆனால் இன்னும் ஆறவில்லை. நீங்கள் போடும் முன் படத்தை மூலை மூலையாகப் பெரிதாக்கிப் பாருங்கள். வீட்டிலும் “நான் போடும் வரை யாரும் போட வேண்டாம்” என்று பிரசவத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். டிஸ்சார்ஜ் தாள்களோடு, படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்த ஒப்புதல் கேட்டு ஒரு தாளும் வந்தது. அதில் கையெழுத்து போடாமல் திருப்பிக் கொடுத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் ராத்திரி எனக்கு 2023 ஞாபகம் வந்தது. 2022 டிசம்பரில் பாம்பன் பழைய ரயில் பாலத்தில் ரயிலை நிறுத்தியிருந்தார்கள், பாம்பனிலிருந்து மண்டபம் வரை பஸ்ஸில் போய்த்தான் மதுரைக்கு ரயில் ஏறுவோம். கருமுட்டை வளர்வதற்கான ஊசிப் பேனாக்களை அங்கே வாங்கி வந்து, பத்துப் பன்னிரண்டு நாள் வீட்டில் போட வேண்டும். இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் வைக்கச் சொன்னார்கள். மருந்துக்கடையில் கொடுத்த ஜெல் பை வெயிலுக்குத் தாங்காது என்று, என் வீட்டுக்காரர் மீன் கொண்டுபோகும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸை உடைத்துப் போட்டு அதன் மேலேயே பேனாக்களை வைத்துவிட்டார். வீட்டில் திறந்தபோது இரண்டு பேனாவில் மருந்து கட்டியாக உறைந்திருந்தது. உருகினால் பயன்படுத்தலாமா என்று நர்ஸிடம் கேட்டேன். “உறைஞ்சா போச்சும்மா, தூக்கிப் போடுங்க” என்றார். மறுநாள் விடிகாலையில் மறுபடி மதுரை, மறுபடி அதே பணம். அப்போது கற்றுக்கொண்டோம்: ஐஸை பிளாஸ்டிக் பையில் கட்டி, மேலே மடித்த துண்டை விரித்து, அதன் மேல் பேனாவை வைக்க வேண்டும், ஐஸ் மருந்தைத் தொடவே கூடாது.

அந்தச் சுற்றிலும் கரு தங்கவில்லை. அதற்குப் பிறகும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். பஸ்ஸில் யாராவது “என்ன மீனு?” என்று கேட்டால் அவர் “நகரை” என்பார், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அந்தப் பெட்டியிலிருந்துதான் வரி வந்தது. அவர் உள்ளங்கையில் அவள் கால் மட்டும் இருக்கும் படத்தைப் போட்டு இப்படி எழுதினேன்:

“ஐஸ் பெட்டி சுமந்த கைகளில் இப்போது இவள். வந்துட்டா எங்க மகாராணி!”

ஊர்க்காரர்கள் எல்லோரும் கடலுக்குப் போகிற அப்பாவின் கை என்றே படித்தார்கள். “கடல்ராசாவுக்கு ராணி பிறந்தாச்சு” என்று மாமா ஒருவர் எழுதினார். யாரும் வேறெதுவும் கேட்கவில்லை. நான் நினைத்ததைவிட நிம்மதியாக இருந்தது.

அன்று ராத்திரி, தொண்டிப் பக்கம் கட்டிக்கொடுத்த தூரத்துச் சொந்தக்காரப் பெண்ணிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. கல்யாணமாகி ஐந்து வருடம். இதுவரை என்னிடம் எதுவும் சொன்னதில்லை. “அக்கா, அந்தப் பெட்டியில ஐஸுக்கு மேல என்ன விரிச்சீங்க?”

“பருத்தித் துண்டு, நாலா மடிச்சு” என்று பதில் போட்டேன். அப்புறம் போன் செய்தேன். விடிகிற வரை பேசிக்கொண்டிருந்தோம், மடியில் இவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.