அம்மாவின் சுகர் மாத்திரையும் லீட்ஸ் மருந்துக்கடையும்

இங்கிலாந்தில் படிக்கிறவர்கள் அம்மா அப்பாவைப் பட்டமளிப்புக்கு அழைக்கும்போது விசா, டிக்கெட் எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்வோம், மருந்தை மட்டும் அவர்களிடமே விட்டுவிடுவோம். என் அம்மா திருநெல்வேலியிலிருந்து லீட்ஸுக்கு ஒரு மாத மாத்திரையோடு வந்தார். ஊர் திரும்பும் தேதி தள்ளிப்போனது. கையில் இருந்தது ஒரு வாரத்துக்குத்தான் வரும். இதே நிலை யாருக்கும் வரலாம் என்பதால் நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

அம்மா சாப்பிடுவது கிளைக்கோமெட் ஜிபி 1, காலை ஒன்று, இரவு ஒன்று. அந்தப் பெயர் இங்கே மருந்துக்கடையில் யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. தேட வேண்டியது அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிற மருந்துப் பெயரை. நம் ஊர் மெடிக்கலில் அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பார்கள் இல்லையா, அம்மாவிடம் மிஞ்சியிருந்த துண்டில் பாதி எழுத்துதான் இருந்தது. தம்பியை அதே கடைக்கு அனுப்பி, முழு அட்டையையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அதில் இருந்தது: கிளிமெபிரைட் 1 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி., எஸ்ஆர். எஸ்ஆர் என்றால் வயிற்றில் மெதுவாகக் கரையும் வகை.

பெயரில் இருக்கிற 1 கிளிமெபிரைடின் அளவு. மெட்ஃபார்மின் எவ்வளவு என்று பெயரில் தெரியவே தெரியாது. அதே பெயரோடு ஃபோர்ட் என்று சேர்ந்தால் மெட்ஃபார்மின் 1000 ஆகிவிடும். அதனால் "ஜிபி 1" என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். மருந்தின் பெயர், அளவு, எஸ்ஆரா சாதாரணமா, ஒரு நாளைக்கு எத்தனை வேளை, நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

தாளோடு பக்கத்து மருந்துக்கடைக்குப் போனேன். அங்கிருந்த ஃபார்மசிஸ்ட் பொறுமையாகப் படித்துவிட்டு இரண்டு விஷயம் சொன்னார். இரண்டுமே சீட்டு இல்லாமல் தர முடியாத மருந்து, இந்திய டாக்டர் சீட்டு இங்கே செல்லாது. அப்புறம், இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரை இங்கே விற்பனையில் இல்லை, தனித்தனியாகத்தான் வாங்க வேண்டும். எஸ்ஆர் என்பதை இங்கே எம்ஆர் என்று எழுதுவார்கள் என்றும் சொன்னார். இதைக் கவனிக்காமல் சாதாரண மெட்ஃபார்மின் வாங்கினால் அளவு சரியாக இருந்தாலும் மருந்து சட்டென்று கரைந்துவிடும், பலருக்கு வயிற்றைப் புரட்டும், பேதியாகும். எம்ஆர் மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது.

சரி, சீட்டுக்கு என்ன வழி? மூன்று மாதத்துக்குள் தங்குகிறவர்கள் வீட்டுப் பக்கத்துக் குடும்ப டாக்டரின் கிளினிக்கில் தற்காலிகமாகப் பதிந்துகொள்ளலாம், இந்த டாக்டரை இங்கே ஜிபி என்பார்கள், இங்கிலாந்தில் ஜிபியைப் பார்க்கக் கட்டணம் இல்லை. மருந்துக்கு மட்டும், ஒவ்வொரு மருந்துக்கும் தனியாகக் கட்ட வேண்டியிருந்தது. அப்பாயின்ட்மென்ட் உடனே கிடைக்காது, ஆகவே மாத்திரை தீரும்வரை காத்திருக்காதீர்கள். டாக்டர் முதலில் கேட்டது கிரியாட்டினின் ரிப்போர்ட்டை, ஏனென்றால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் மெட்ஃபார்மின் தருவார்கள். அடுத்து ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி. அம்மாவுக்கு 7.5 சதவீதம். இங்கே அதையே 58 என்று எழுதுவார்கள், அலகு வேறு.

கிளிமெபிரைடை விட இங்கே கிளிக்லசைட்தான் அதிகம் எழுதுகிறார்கள். இரண்டும் ஒரே வகை மருந்துதான், ஆனால் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் சமம் கிடையாது, கிளிக்லசைடின் அளவு பல மடங்கு பெரிய எண்ணாக இருக்கும். அந்த மாற்றத்தை டாக்டர் மட்டும்தான் செய்ய வேண்டும், நாமே இணையத்தில் பார்த்துக் கணக்குப் போடக் கூடாது. அம்மா கொஞ்ச நாளில் ஊருக்குப் போகிறவர் என்பதால் டாக்டர் எதையும் மாற்றாமல் கிளிமெபிரைட் 1 மி.கி., மெட்ஃபார்மின் எம்ஆர் 500, இரண்டும் இரண்டு வேளை என்று எழுதினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா இரண்டு டப்பாவையும் பார்த்து, "ஒண்ணு போட்ட இடத்துல ரெண்டா? சுகர் ஏறிட்டுன்னு சொல்லிட்டாங்களா?" என்று பயந்துவிட்டார். பழைய அட்டையையும் புது டப்பாக்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 1-க்கு 1, 500-க்கு 500 என்று விரல் வைத்துக் காட்டினேன். "அப்ப மொத்தம் அதேதானா?" என்றார். அதேதான். டப்பாவின் மேல் "காலை 1, இரவு 1, சாப்பாட்டோடு" என்று தமிழில் எழுதி ஒட்டினேன்.

மாற்றிய முதல் வாரம் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பது அவசியம், கிளிமெபிரைட் சர்க்கரையை ரொம்பக் கீழே இறக்கக்கூடியது. இங்கே வாங்கும் மீட்டரில் 4.1 என்று வந்தால் அம்மாக்களுக்கு ஒன்றும் புரியாது. 18-ஆல் பெருக்குங்கள், நம் ஊர் மீட்டர் கணக்கில் 74 என்று வரும். 4-க்குக் கீழே போனாலோ, நடுக்கம், வியர்வை வந்தாலோ உடனே சர்க்கரைத் தண்ணீரோ ஜூஸோ கொடுங்கள், பிறகு டாக்டரிடம் சொல்லுங்கள்.

மிச்சமான இங்கிலாந்து மாத்திரைகளை அம்மா ஊருக்கு எடுத்துப்போனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள்: பழைய அட்டையை மறுபடி தொடங்கிய அன்றே இந்த இரண்டு டப்பாவும் நிறுத்தம். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் அளவு இரட்டிப்பாகிவிடும்.