சம்பா பயிர்க் காப்பீட்டு அறிவிப்பை ஒரு பக்கத்தில் எழுதியது

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்ட அறிவிப்பு பிடிஎஃப்பாக எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்ததும், அதைச் சுருக்கி எழுதித் தரும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு அது. நகலெடுத்து ஒட்டினால் எழுத்தெல்லாம் சிதைந்து வந்தது. அதனால் எண்களையும் தேதிகளையும் கையால் எழுதி, இன்னொருவரை மூலத்தோடு ஒப்பிட்டுப் படிக்கச் சொன்னேன்.

முதலில் தேடியது பின்னிணைப்பைத்தான். பட்டியலில் நம் வருவாய் கிராமமும் பயிரும் இல்லையென்றால் மற்றதைப் படித்துப் பயனில்லை. எங்கள் கிராமம் இருந்தது. அடுத்து யார் சேரலாம் என்பது. குத்தகைக்குப் பயிரிடுகிற பெரியப்பா ஒருவர், "நெலம் என் பேர்ல இல்லியே தம்பி, எனக்கு உண்டா?" என்று கேட்டார். உண்டு. அது ஒரு நீண்ட பத்தியின் நடுவில் 'குத்தகைதாரர் உட்பட' என்று இரண்டே சொல்லில் இருந்தது. என் தாளில் அதைத் தனி வரியாகப் பெரிய எழுத்தில் போட்டேன்.

தேதிதான் அதிக நேரம் எடுத்தது. எங்கள் மாவட்டத்தில் சம்பா நெல்லுக்குக் கடைசி நாள் நவம்பர் 15. ஆனால் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ பயிர்க்கடன் வாங்கியவருக்குப் பிரீமியத்தைக் கடன் கணக்கிலேயே பிடித்துவிடுவார்கள். வேண்டாம் என்பவர் கடைசி நாளுக்கு 7 நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். ஆகவே 'கடன் வாங்கியவர்', 'கடன் வாங்காதவர்' என்று தாளை இரண்டாகப் பிரித்தேன். கடன் வாங்காதவர் சிட்டா, நடப்புப் பசலிக்கு விஏஓ தரும் அடங்கல், ஆதார், வங்கிப் பாஸ்புக் நகல் ஆகியவற்றோடு இ-சேவை மையத்துக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ போக வேண்டும். அடங்கல் வாங்கவே சில நாள் ஆகும் என்பதால், அதை முதலில் வாங்கச் சொல்லி எழுதினேன்.

விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். ஏக்கருக்கு 36,000 ரூபாய் என்றால் 540 ரூபாய். சதவீதத்தை விட்டுவிட்டு ரூபாயை மட்டும் எழுதினால் போதும். கையில் எவ்வளவு கொண்டுபோக வேண்டும் என்பதுதான் கேள்வி.

கடைசிப் பக்கங்களில் கிடந்த ஒன்றை நான் மேலே கொண்டுவந்தேன். நிற்கிற பயிரின் மகசூல் இழப்பை, கிராமத்தில் நடத்தும் அறுவடைப் பரிசோதனையின் சராசரியை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். ஒருவர் வயலில் மட்டும் விளைச்சல் குறைந்தால் அதற்குப் பணம் வராது. அறுத்து வயலில் காயப் போட்ட நெல் 14 நாளுக்குள் புயலிலோ பருவம் தவறிய மழையிலோ கெட்டால் அதைத் தனி வயலாகப் பார்ப்பார்கள். அதற்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். 14447 என்ற எண்ணை அந்த வரிக்குப் பக்கத்திலேயே எழுதினேன்.

கடைசி நாளை அரசு சில ஆண்டுகளில் நீட்டித்திருக்கிறது. உத்தரவு வராமல் அதை எழுதக் கூடாது என்று, தாளின் தலையில் அறிவிப்பின் தேதியைப் போட்டு, 'புது உத்தரவு வந்தால் இந்தத் தாள் மாறும்' என்று எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினோம்.