உட்கார், இரு, போலாம்: செம்பிக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவம்

செம்பி ஐந்து மாதக் குட்டி, நாட்டு நாய், எங்கள் தெருவிலேயே பிறந்தவள். வீட்டில் இதற்கு முன்னால் யாரும் நாய் வளர்த்ததில்லை. முதலில் மூன்றே மூன்று வார்த்தைகளைச் சொல்லிக்கொடுப்பது என்று முடிவு செய்தேன்: உட்கார், இரு, போலாம். கேட்டைத் திறந்தால் பாய்ந்து வெளியே ஓடக் கூடாது, அதுதான் நோக்கம். வாசலைத் தாண்டிய உடனே பஸ் போகிற ரோடு, அதனால் எனக்கு வேறு எதையும்விட இதுதான் முக்கியமாகப் பட்டது.

தீனிக்கு உப்பும் மசாலாவும் போடாமல் வேகவைத்த கோழி, எலும்பே இல்லாமல். துண்டு பட்டாணி அளவுதான் இருக்க வேண்டும், அதைவிடப் பெரிதாக இருந்தால் மென்றுகொண்டே எதற்காக வாங்கினோம் என்பதை மறந்துவிடுவாள், நாலு தடவையிலேயே வயிறும் நிரம்பிவிடும். நாள் முழுக்கச் சாப்பிடுவதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இப்படிப் போகக் கூடாது என்பதால் பயிற்சி நாளில் சாப்பாட்டுத் தட்டில் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் இதெல்லாம் நாய்க்கு விஷம், கை மறதியாகக் கூடக் கொடுத்துவிடக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், நேரம். செம்பி உட்காருகிறாள், நான் பையில் கை விட்டு, துண்டைத் தேடி எடுத்து நீட்டுவதற்குள் அவள் எழுந்து என் கையை முகர்ந்துகொண்டிருப்பாள். அப்போது கொடுத்தால் அவள் கற்றுக்கொள்வது உட்காருவதை அல்ல, எழுந்து கையை முகர்வதை. தீனி எந்த நொடியில் வருகிறதோ அந்த நொடியில் உடம்பு என்ன செய்துகொண்டிருந்தது என்பதுதான் நாய்க்குக் கணக்கு. நம் கை எவ்வளவு வேகமாக ஓடினாலும் அந்த நொடியைப் பிடிக்க முடியாது, அதனால் தீனிக்கு முன்னால் ஒரு சின்னச் சத்தம் தேவைப்படுகிறது. கிளிக்கர் என்று கடையில் விற்கிற பொருள் இதற்காகத்தான். நான் 'டக்' என்று வாயாலேயே சொல்கிறேன். 'சரி', 'நல்ல பொண்ணு' எல்லாம் வீட்டில் நாள் பூராவும் காதில் விழுகிற வார்த்தைகள், அவை இதற்கு உதவாது.

அந்தச் சத்தத்துக்கு முதலில் ஒரு அர்த்தம் வர வேண்டும். எதுவும் கேட்காமல் சும்மா நிற்கும்போது 'டக்' என்று சொல்லி உடனே ஒரு துண்டு, கொஞ்சம் விட்டு மறுபடி. வரிசை மாறக் கூடாது: சத்தம் முதலில், கை அதற்கப்புறம். கையும் சத்தமும் சேர்ந்தே வந்தால் அவள் கையைத்தான் பார்ப்பாள், சத்தம் காதிலேயே ஏறாது. வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்போது 'டக்' என்றதும் சட்டென்று தலையைத் திருப்பினாளே, அன்றைக்குத்தான் அடுத்த படிக்குப் போனேன்.

உட்கார வைக்க முதுகை அழுத்த வேண்டியதில்லை, அழுத்தவும் கூடாது, அழுத்தினால் நாய் எதிர்த்துத் தள்ளும். துண்டை மூக்குக்கு நேராகப் பிடித்து, மெதுவாக மேலே தூக்கிக் கொஞ்சம் பின்பக்கமாகத் தலைக்கு மேலே கொண்டுபோனால், மூக்கு மேலே போகப் போகப் பின்பக்கம் தானாகக் கீழே இறங்கும். பின்பக்கம் தரையைத் தொட்ட அதே நொடியில் 'டக்', அப்புறம் துண்டு. கை ரொம்ப உயரமாகப் போனால் எம்பிக் குதிப்பாள், ரொம்பப் பின்னால் போனால் பின்வாங்கி நடப்பாள். குதிக்கிறாள் என்றால் கையை இறக்க வேண்டும், அவ்வளவுதான். பின்னால் நடந்தால் சுவர் ஓரமாக வைத்துச் செய்து பார்க்கலாம்.

இதைச் சில தடவை செய்த உடனேயே கையில் துண்டு இல்லாமல் அதே அசைவைச் செய்ய ஆரம்பித்துவிட வேண்டும். உட்கார்ந்ததும் 'டக்', துண்டு அடுத்த கையிலிருந்தோ பையிலிருந்தோ வரும். தள்ளிப்போட்டால் துண்டு கண்ணில் பட்டால்தான் உட்காருவேன் என்று ஆகிவிடும். 'உட்கார்' என்ற வார்த்தையை நான் சேர்த்தது இதற்கும் பிறகுதான், வெறும் கையைப் பார்த்தே தடங்கலில்லாமல் உட்கார ஆரம்பித்த பிறகு. முதலில் வார்த்தை, ஒரு நொடி கழித்துக் கை. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் நாய் கையைத்தான் கவனிக்கும். வார்த்தையை ஒரே தடவைதான் சொல்ல வேண்டும், 'உட்கார், உட்கார், உட்காரு' என்று அடுக்கினால் மூன்றாவது தடவைக்குத்தான் உட்கார வேண்டும் என்று அது படித்துக்கொள்ளும். அம்மா 'உக்காரு' என்பார், தம்பி 'சிட்' என்பான், எல்லோரும் 'உட்கார்' என்றே சொல்வது என்று பேசி வைத்துக்கொண்டோம்.

ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும், சாப்பாட்டுக்கு முன்னால் என்றால் நல்லது. கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, திடீரென்று தரையை முகர்வது, சொறிந்துகொள்வது இதெல்லாம் போதும் என்று அவள் சொல்கிற விதம். அதற்கு முன்னாலேயே, அவள் இன்னும் ஆசையாக இருக்கும்போதே முடித்துவிடுகிறேன். வெயில் நேரத்தில் மாடிப் பக்கமே போவதில்லை.

'இரு' வேறு மாதிரி. மற்றதில் எதையாவது செய்ய வேண்டும், இதில் எதையும் செய்யாமல் இருக்க வேண்டும், அதனால் முடிவு எங்கே என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்குத்தான் 'போலாம்'. உட்கார வைத்து, 'இரு' சொல்லி, ஒரு நொடி, 'டக்', உட்கார்ந்திருக்கும்போதே வாயில் துண்டு, 'போலாம்'. எழுந்து வந்த பிறகு தீனி கிடையாது. இருந்ததற்குத்தான் கூலி, எழுந்ததற்கு இல்லை. அப்புறம் இரண்டு நொடி, மூன்று நொடி, நடுவில் திடீரென்று மறுபடி ஒரு நொடி. ஏறிக்கொண்டே போனால் ஒவ்வொரு தடவையும் முன்னதைவிடக் கஷ்டமாகிறது என்று நாய்க்குப் புரிந்து, எழுந்து போய்விடும்.

நேரம், தூரம், கவனத்தைக் கலைக்கிற விஷயம், மூன்றையும் ஒரே சமயத்தில் கூட்டக் கூடாது. நேரம் பழகிய பிறகு ஒரு அடி பின்னால் நகர்ந்தேன், அப்போது நேரத்தை மறுபடி ஒரு நொடிக்கு இறக்கிவிட்டேன். தூரத்தில் இருந்தபடி அவளைக் கூப்பிட்டுத் தீனி கொடுப்பதில்லை, நானேதான் அவளிடம் திரும்பிப் போய்க் கொடுக்கிறேன். கூப்பிட்டுக் கொடுத்தால், எப்போது கூப்பிடுவார்கள் என்று பின்பக்கத்தைத் தூக்கியபடியே காத்திருக்கும். எழுந்துவிட்டால் திட்டுவதில்லை, பேசாமல் மறுபடி உட்கார வைத்து இன்னும் சுலபமாகக் கேட்கிறேன். இரண்டு தடவை தொடர்ந்து எழுந்தால் நான் கேட்டது அதிகம் என்று அர்த்தம்.

ஹாலில் சுத்தமாக வந்தது, வாசலில் எதுவுமே தெரியாதது போல நின்றாள். பிடிவாதம் என்று அம்மா சொன்னார், அது பிடிவாதம் இல்லை. ஹாலில் கற்றதை வேறு இடத்துக்கு எடுத்துப்போக நாய்க்குத் தானாக வராது, ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் அடிப்படையிலிருந்து ஆரம்பித்துத்தான் ஆக வேண்டும். சமையலறை, வராண்டா, மாடி, அப்புறம்தான் கேட் பக்கம் என்று போனேன்.

கேட்டில் கயிறு கட்டாமல் நான் எதையும் செய்வதில்லை. கயிறு என் கையில், கேட் மூடியிருக்க, 'இரு'. தாழ்ப்பாளைத் தொட்டேன், அசையவில்லை, 'டக்'. அடுத்து தாழ்ப்பாளை ஆட்டிச் சத்தம், அப்புறம் விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி, அப்புறம் கை அளவு. எழுந்தால் கேட் மூடிக்கொள்ளும், உட்கார்ந்தால் மறுபடி திறக்கும். கடைசியில் 'போலாம்' சொல்லி வெளியே நடப்பதே அவளுக்குக் கோழித்துண்டைவிடப் பெரிய பரிசாகிவிட்டது.

இப்போது கேட் முழுதாகத் திறந்தாலும் இருக்கிறாள், ரோட்டில் பஸ் போனாலும்கூட. எதிர்வீட்டுப் பூனை சுவர்மேல் வந்தால் மட்டும் இன்னும் எழுந்துவிடுகிறாள். அதற்குக் கேட்டிலிருந்து விலகி, பூனை கண்ணில் படும் ஆனால் பாயத் தோன்றாது என்கிற தூரத்தில், வராண்டாப் படியிலிருந்தே ஒரு நொடி 'இரு'விலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறேன்.