கூட்டல் கழித்தல் சரியா வந்துச்சு, ஆனா சம்பளம் குறைஞ்சிருந்துச்சு

போன மாசம் அக்கவுண்ட்ல 26,410 தான் ஏறியிருந்துச்சு. ரெண்டு நாள் லீவு போட்டிருந்தேன், சம்பளம் பிடிக்கிற லீவுதான், அதனால கொஞ்சம் குறையும்னு தெரியும், ஆனா இவ்ளோ குறையும்னு நினைக்கல. சரின்னு சம்பள ஸ்லிப்ப எடுத்து ஒரு பேப்பர்ல ஒவ்வொரு வரியா எழுத உக்காந்தேன்.

வரவுப் பக்கம் பேசிக் 22,400, வீட்டு வாடகைப்படி 8,400, பயணப்படி 2,800, ஓவர்டைம் 1,500. கூட்டுனா 35,100, கிராஸ்னு போட்டிருந்ததும் அதேதான். பிடித்தம் பக்கம் பென்ஷன் 2,240, வரி 1,450, இன்சூரன்ஸ் 600, நான் வாங்கின அட்வான்ஸுக்கு 2,000, லாஸ் ஆஃப் பே 2,400, அதுக்குக் கீழ கம்பெனி பங்குன்னு இன்னொரு 2,240. எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சா 24,170 வருது, ஸ்லிப்ல நெட் 26,410னு இருக்கு. மூணு தடவ கூட்டிப் பாத்தும் அதேதான் வந்துச்சு.

அப்புறம்தான் எவ்ளோ இடிக்குதுன்னு மட்டும் தனியா எடுத்துப் பாத்தேன். 2,240. கம்பெனி பங்குன்னு போட்டிருந்த அதே நம்பர்! அது கம்பெனி தன் காசுலேர்ந்து பென்ஷனுக்குக் கட்டுறது, நமக்குத் தெரியணும்னு ஸ்லிப்ல காட்டுறாங்க, நம்ம சம்பளத்துலேர்ந்து போறதில்ல. அத விட்டுட்டு கூட்டுனா பிடித்தம் 8,690, 35,100ல கழிச்சா 26,410. கணக்கு இடிச்சா மொதல்ல அந்த வித்தியாசம் ஏதாவது ஒரு வரியோட தொகையா இருக்கான்னு பாருங்க, இருந்தா அந்த வரிய விட்டிருப்போம் இல்ல தேவையில்லாம சேத்திருப்போம். ஒரு வரியோட ரெண்டு மடங்கா இருந்தா அத தப்பான பக்கம் போட்டிருப்போம். 9ஆல வகுபட்டா பெரும்பாலும் 2,240ஐ 2,420னு எழுதுற மாதிரி நம்பர மாத்தி எழுதிட்டோம்னு அர்த்தம்.

நெட் சரியா வந்துடுச்சு, பேங்க்ல ஏறினதும் அதேதான், அதோட மூடி வச்சிருப்பேன். ஆனா பேசிக் 22,400ங்கறது மட்டும் உறுத்திட்டே இருந்துச்சு, ஏன்னா என் பேசிக் 24,000. மறுபடி பாத்தப்பதான் வரவுப் பக்கத்துல நம்பர் ரெண்டு வரிசையா இருக்கறது கண்ணுல பட்டுச்சு, ஒண்ணு முழு மாச ரேட், இன்னொண்ணு இந்த மாசம் உண்மையில கிடைச்சது. முழு ரேட்ல பேசிக் 24,000, வாடகைப்படி 9,000, பயணப்படி 3,000, மொத்தம் 36,000. கிடைச்சதுல அந்த மூணும் சேந்து 33,600. மேல சம்பள நாள் 28னு வேற போட்டிருக்கு, 36,000ஐ 30ஆல வகுத்து 28ஆல பெருக்குனா அதே 33,600.

அப்போ ரெண்டு நாள் சம்பளத்த வரவுலயே கழிச்சாச்சு. 36,000ல 33,600 போனா 2,400. திரும்ப பிடித்தம் பக்கமும் லாஸ் ஆஃப் பே 2,400! ஒரே லீவுக்கு ரெண்டு தடவ பிடிச்சிருக்காங்க, அதுவும் கூட்டல் கழித்தல்ல ஒரு பைசா இடிக்காம. எனக்கு அப்ப நெஜமாவே பதறுச்சு, இதுக்கு முன்னாடி எத்தன மாசம் நெட்ட மட்டும் பாத்துட்டு விட்டிருக்கேன்னு. லீவ ஒண்ணு வரவுல குறைச்சுக் காட்டணும், இல்ல வரவ முழுசா போட்டு பிடித்தத்துல காட்டணும், ரெண்டுலயும் வரக்கூடாது.

மறுநாள் கணக்குப் பிரிவுல இருக்கற அக்காகிட்ட அந்தப் பேப்பரோட போனேன். "சம்பளம் கம்மியா இருக்கு"ன்னு பேச்ச ஆரம்பிக்காம, "அக்கா, சம்பள நாள் 28னு போட்டு பேசிக்க குறைச்சிருக்கு, கீழ லாஸ் ஆஃப் பேயும் இருக்கு, ரெண்டும் ஒரே லீவுதானே"ன்னு ரெண்டு வரியையும் தொட்டுக் காட்டினேன். அவங்க கம்ப்யூட்டர்ல பாத்துட்டு, "ஆமாப்பா, வருகைப் பதிவுலேர்ந்து அதுவா குறைஞ்சிருக்கு, கையால வேற ஒரு தடவ ஏத்திட்டாங்க, அடுத்த மாசம் அரியர்ஸ்ல போட்டுடறேன்"னாங்க. மெயில்லயும் ஒரு வரி அனுப்பச் சொல்லி வாங்கி வச்சுக்கிட்டேன்.

இந்த மாச ஸ்லிப் வந்ததும் மொதல்ல தேடினது அரியர்ஸ் வரியத்தான். வரவுல 2,400 தனியா நிக்குது, லீவு எதுவும் இல்லாததால மத்த மூணும் முழு ரேட்ல 36,000, ஓவர்டைம் இல்ல, கிராஸ் 38,400. பிடித்தம் பக்கம் லாஸ் ஆஃப் பே வரியே இல்ல, மொத்தம் 6,600. கழிச்சா 31,800, பேங்க்லயும் 31,800.