தையல் யூனிட்டுக்கு லோன் கேட்டு எழுதின அந்த ஒரே ஒரு பத்தி, மூணு தடவ எழுதினோம்

நாங்க 6 பேர், எல்லாரும் பொம்பளைங்க, பள்ளிக்கூட யூனிஃபார்ம் சட்டை ஜாப் ஒர்க்கா தைக்கிறோம். துணி ஆர்டர் குடுக்கிறவங்களே குடுப்பாங்க, வெட்டி தைச்சு குடுத்தா பீஸ் ரேட். 5 பவர் மெஷின் ஓடுது, ஒருத்தங்க கட்டிங். கொஞ்சம் பெருசா பண்ணலாம்னு பேங்க்ல லோன் கேட்டோம். ஃபார்ம் எல்லாம் நிரப்பிடலாம், ஆனா கூடவே "எதுக்கு கடன், எப்படி கட்டுவீங்க, ஒரு பத்தியில எழுதிட்டு வாங்க"ன்னு ஆபீசர் மேடம் சொன்னாங்க பாருங்க, அதுலதான் மாட்டிக்கிட்டோம்.

முதல் தடவ எழுதினது ரொம்ப உருக்கமா இருந்துச்சு. குடும்ப கஷ்டம், சொந்தக் கால்ல நிக்கணும்ங்கிற ஆசை, பெண்கள் முன்னேற்றம்னு எல்லாம் போட்டு கடைசில "இன்னும் 3 தையல் மெஷினும் துணி வாங்க பணமும் வேணும்"னு முடிச்சிருந்தோம். மேடம் முழுசா படிச்சாங்க, பேனாவ எடுத்து ஒரே ஒரு வரிக்கு அடில கோடு போட்டாங்க, "5 மெஷின் வைத்துள்ளோம்"ங்கிற வரிக்கு. "இந்த 5 மெஷினும் நாள் முழுக்க ஓடுதாம்மா?"ன்னு கேட்டாங்க. நான் ஓடுதுன்னு சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள பக்கத்துல இருந்த கட்டிங் அக்கா "எங்க மேடம், ஓவர்லாக்குக்கு போன பீஸ் திரும்பி வர்ற வரைக்கும் சும்மாதான் உக்காந்திருக்கோம்"னு போட்டு உடைச்சுட்டாங்க. எனக்கு அங்கயே தலையில அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு, ஆனா லோன் கிடைச்சதே அந்த வார்த்தையாலதான்.

விஷயம் என்னன்னா எங்ககிட்ட ஓவர்லாக் மெஷினும் இல்ல, பட்டன் ஓட்டை போடுற காஜா மெஷினும் இல்ல. சைடு ஜாயின்ட் போட்டதும் ஓரம் பிரியாம இருக்க வெளில ஓவர்லாக்குக்கு அனுப்புவோம், அது வந்தாதான் கீழ மடிச்சு அடிக்க முடியும். தைச்சு முடிச்சதும் மறுபடி காஜாவுக்கு வெளில போகும், ஒரு சட்டைக்கு 7 காஜா. அவங்களுக்கு எங்க வேலை மட்டுமா, நாலு பேர் வேலை இருக்கும், ஒரு மூட்டைக்கு 2 நாள் ஆகும். இதுல இன்னும் 3 தையல் மெஷின் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும், சும்மா நிக்கிற மெஷின் கூடியிருக்கும், அவ்ளோதான். இது எங்களுக்கே தெரியாம இல்ல, ஆனா தினம் பாக்கறதால கண்ணுல படல. மேடம் சொன்னபடி ஒரு மாசம் நோட்டுல குறிச்சோம், 24 வேலை நாள்ல 7 நாள் குறைஞ்சது ரெண்டு மெஷின் பீஸ் இல்லாம நின்னிருக்கு.

அடுத்து துணி வாங்க பணம்னு எழுதினோமே, அதையும் அடிச்சுட்டாங்க. ஜாப் ஒர்க்குக்கு துணி நீங்க ஏன் வாங்கணும்னு கேட்டாங்க, நியாயம்தானே. உண்மையில எங்களுக்கு கைல ஓடுற பணம்தான் தேவைப்பட்டுச்சு, டெலிவரி குடுத்து பில் பணம் வர 30, 40 நாள் ஆகும், ஆனா கூலி வாரா வாரம் குடுக்கணும். அது வேற கடன், மெஷினுக்கு வாங்குற டெர்ம் லோன் வேற கடன், ரெண்டையும் ஒரே பத்தியில குழப்பினா எதுக்கு எவ்ளோன்னு பேங்குக்கு தெரியாது, மொதல்ல மெஷினுக்கு மட்டும் கேளுங்கன்னாங்க.

ரெண்டாவது தடவ எழுதினதுல மெஷின் சரி, ஆனா வேற இடத்துல உதை வாங்கினோம். மாசம் 900 சட்டைன்னு எழுதியிருந்தோம், பாஸ்புக்ல பாத்தா அதுல பாதிக்கான வரவுதான் தெரியுது. கேஷா வாங்குறத அப்படியே கூலிக்கு குடுத்துடுவோம், பேங்குக்கு எங்க போகுது. பொய் சொல்ற மாதிரி ஆயிடுச்சு. டெலிவரி சலான் புக் ஒரு வருஷத்துக்கு இருந்ததால தப்பிச்சோம், ஒவ்வொரு மூட்டைக்கும் வாங்கினவங்க கையெழுத்து இருக்கு, அத நகல் எடுத்து சேத்தோம். அதோட சீசன் இல்லாத மாசம் எவ்ளோன்னு மேடம் கேட்டாங்க, நாங்க அத சொல்லவே இல்ல, சொன்னா லோன் வராதுன்னு பயம். 4 மாசம் பாதியா குறைஞ்சிடும்.

மூணாவதா எழுதினது இதுதான். எங்க ரேட்ட வெளில சொல்ல வேணாம்னு தொகை இருந்த இடத்துல சட்டைக் கணக்கா மாத்தியிருக்கேன்:

"நாங்கள் 6 பெண்கள் 4 வருடமாக பள்ளிச் சட்டை ஜாப் ஒர்க் செய்கிறோம். கடந்த வருடம் 8 மாதங்கள் மாதம் 900 சட்டையும், 4 மாதங்கள் மாதம் 450 சட்டையும் டெலிவரி கொடுத்தோம் (சலான் நகல் இணைப்பு). ஓவர்லாக்கும் காஜாவும் வெளியே கொடுப்பதால் கூலி வெளியே போவதோடு, மாதத்தில் 7 நாள் மெஷின் நிற்கிறது. ஒரு ஓவர்லாக், ஒரு காஜா மெஷின் வாங்க கடன் கேட்கிறோம். கொட்டேஷன் தொகையில் கால் பங்கு எங்களிடம் உள்ளது, முக்கால் பங்கு கடனாக வேண்டும். வெளியே கொடுக்கும் கூலியில் நூல், கரண்ட், ஆள் கூலி போக 60 சதவீதம் மிச்சமாகும். மாதத் தவணை 400 சட்டைக்கு வெளியே கொடுக்கும் கூலிக்குச் சமம். 900 சட்டை மாதத்தில் 540 சட்டைக்கான கூலி மிச்சமாகும், தவணை போக 140 மீதி. 450 சட்டை மாதத்தில் 270தான் மிச்சமாகும், 130 குறையும். அதை சீசன் மாத மீதியிலிருந்து கட்டுவோம். மெஷின் வந்து வேலை பழக 2 மாதம் ஆகும் என்பதால் மூன்றாவது மாதத்திலிருந்து தவணை தொடங்க வேண்டுகிறோம்."

இவ்ளோதான். வருஷத்துக்கு கூட்டிப் பாத்தா 8 மாச மீதி 1120, 4 மாச குறைவு 520, கட்ட முடியும்னு யாருக்கும் தெரியும். கூடுதலா தைக்கப்போற சட்டைய கணக்குலயே சேக்கல பாருங்க, அது மேடம் சொன்ன யோசனை, "இன்னைக்கு இருக்கிற வேலையிலயே தவணை வருதுன்னா நான் மேல அனுப்ப தைரியமா இருக்கும், வரப்போற ஆர்டர யார் பாத்தா"ன்னாங்க. அந்த 60 சதவீதத்துக்கும் விடல, எப்படி வந்துச்சுன்னு தனிப் பேப்பர்ல எழுதச் சொன்னாங்க. காஜாவுக்கு ஆகுற நூல நாங்க கம்மியா போட்டிருந்தோம், வெளில காஜா போடுறவங்ககிட்டயே ஒரு கோன் எத்தன சட்டைக்கு வரும்னு கேட்டு திருத்தினோம். அவங்க எதுக்கு கேக்குறீங்கன்னு ஒரு மாதிரி பாத்தாங்க, என்னத்த சொல்ல.

லோன் சாங்ஷன் ஆச்சு, பணம் எங்க கைக்கு வரல, நேரா மெஷின் கடைக்கே போயிடுச்சு, எங்க கால் பங்க மொதல்ல கட்டச் சொன்னாங்க. மெஷின்தான் அடமானம், அதுக்கு இன்சூரன்ஸ் போடணும்னாங்க, அந்தச் செலவ நாங்க எங்கயும் எழுதல, கைல இருந்து போச்சு.

ஓவர்லாக் ரெண்டே நாள்ல கைக்குப் பழகிடுச்சு. காஜாதான் படுத்துச்சு, மொத வாரம் கத்தி சரியா உக்காராம நூலையே வெட்டி 11 சட்டை வீணா போச்சு, துணி ஆர்டர் குடுத்தவங்களோடதுங்கிறதால நாங்கதான் ஈடு கட்டினோம். நல்ல வேளை, தவணை அப்ப ஆரம்பிக்கல.