"இது சலூன் இல்லை" என்று எழுதியது நான்தான்

2023 ஜூனில் கோவை சரவணம்பட்டியில் கடை திறந்தபோது அடித்த நோட்டீஸில் நாலு வரி இருந்தது. மற்ற மூன்றும் எனக்கே மறந்துவிட்டது. முதல் வரி மட்டும் மறக்கவில்லை: "இது சலூன் இல்லை, ஆண்களுக்கு மட்டுமான க்ரூமிங் ஸ்டுடியோ."

பிரஸ்ஸிலிருந்து கட்டு வந்து இறங்கிய அன்று, முதல் நோட்டீஸை எடுத்துப் படித்தவர் எங்கள் சீனியர். அண்ணன் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம், ஐம்பது தாண்டியவர், அப்பா கடையில் பன்னிரண்டு வயதில் சோப்பு நுரை கலக்க ஆரம்பித்தவர். படித்துவிட்டுச் சிரித்தபடியே கேட்டார், "சலூன் இல்லீங்களா தம்பி? அப்ப நான் கிளம்பட்டுங்களா?"

நானும் சிரித்தேன். "அது கஸ்டமருக்குங்ணா, உங்களுக்கில்ல" என்றேன். அவர் நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ஆம்பளைங்களுக்கு மட்டும்னா அது எங்கப்பா கடைங்க தம்பி. அதுலென்ன புதுசு?" என்றார். அப்புறம் யாரோ வந்து உட்கார்ந்தார்கள், பேச்சு நின்றுவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. இதை எத்தனை தடவை திரும்ப ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று தெரியாது.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ரோட்டிலேயே இரண்டு யுனிசெக்ஸ் சலூன்கள் இருந்தன, இரண்டுமே பெரிய செயின். கடை திறப்பதற்கு முன் ஒரு மாதம் வெவ்வேறு நாளில் அங்கே போய் முடி வெட்டிக்கொண்டேன், வேலை கற்றுக்கொள்ள அல்ல, நேரம் பார்க்க. சனிக்கிழமை சாயந்திரம் போனால் ஒரு ஆண் கட்டிங்குக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் உட்கார வேண்டியிருந்தது. அதில் யார்மேலும் குற்றமில்லை, கணக்கு அப்படி. ஒரு பெண் ஸ்மூதனிங்குக்கு வந்தால் நாற்காலி மூன்று நாலு மணி நேரம் போகும், பில்லும் ஆயிரங்களில் வரும். அரைமணி நேரத்தில் முடிகிற ஆண் கட்டிங்குக்காக அந்த ஸ்டைலிஸ்ட்டை எந்த மேனேஜரும் எழுப்ப மாட்டார். நல்ல கை எல்லாம் அந்தப் பக்கம் போய்விடும், தாடிக்குக் கிடைப்பது புதுப் பையன்தான். இதை அவர்கள் சரிசெய்யவும் முடியாது, சரிசெய்தால் வருமானம் விழும். எதிராளியின் பலத்துக்குள்ளேயே இருக்கிற பலவீனம் என்பதால் இதைப் பிடித்தால் போதும் என்று நினைத்தேன். இப்போதும் அது தப்பான யோசனை என்று தோன்றவில்லை.

அதனால் ஆட்களை அப்படித் தேர்ந்தெடுத்தோம்: ஐடி கம்பெனியில் வேலை, இருபத்தைந்திலிருந்து நாற்பதுக்குள், தாடி வைத்திருப்பவர். சர்வீஸையும் அதற்கேற்ப வெட்டினோம். ஸ்ட்ரெயிட்டனிங் கிடையாது, ஃபேஷியலில் பத்து வகை கிடையாது. கட்டிங், பக்கத்து முடியைப் படிப்படியாகக் குறைக்கிற ஃபேட், தாடி செட் செய்வது, வெந்நீர்த் துண்டு வைத்து ஷேவிங், தலை மசாஜ், நரைக்கு டை. எங்களுக்கு ஒரே தடவையில் பெரிய பில் வராது, அடிக்கடி வந்தால்தான் கடை ஓடும். பக்கத்தில் ஃபேட் போட்டால் இரண்டு மூன்று வாரத்தில் கலைந்துவிடும், தாடி லைன் பத்துப் பன்னிரண்டு நாளில் போய்விடும். ஆகவே தாடிக்கு மட்டும் தனி விலை வைத்து, நடுவில் ஒருமுறை எட்டிப் பார்க்க வைப்பதுதான் திட்டம். முதலாளிக்கு இதெல்லாம் பிடித்துப்போய், ஒரு சிறுபங்கு தருவதாகச் சொல்லி என்னையே மேனேஜராகப் போட்டுவிட்டார்.

புதிதாக வருகிறவர்களிடம் ஒரு கேள்வி கேட்டு நோட்டில் எழுதச் சொல்லியிருந்தேன்: "இதுக்கு முன்னாடி எங்க வெட்டுனீங்க?" முதல் இரண்டு மாதத்தில் எண்பது சொச்சம் பேர். யுனிசெக்ஸிலிருந்து வந்தவர்கள் பாதியாவது இருப்பார்கள் என்று நினைத்தேன். ஐந்தில் ஒருவர்கூட இல்லை. மீதி எல்லாரும் தெருமுனைக் கடை, ஹாஸ்டல் பக்கத்துக் கடை, ஊருக்குப் போகும்போது வெட்டிக்கொள்கிற கடை.

அதாவது நான் யாருக்கு எதிராக நோட்டீஸ் எழுதினேனோ அவர்களிடமிருந்து ஆள் வரவில்லை. சலூனிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள், நானோ அவர்களிடம் "இது சலூன் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதன் விளைவு சின்னச் சின்ன இடத்தில் தெரிந்தது. "பெண்கள் கூட்டத்தில் காத்திருக்க வேண்டாம்" என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தோம். தெருமுனைக் கடையில் வெட்டுகிறவன் எந்தப் பெண்கள் கூட்டத்தில் காத்திருந்தான்? அவனுக்கு இருந்த பயம் வேறு. ஏசி, கண்ணாடிக் கதவு, உள்ளே போனால் எவ்வளவு பிடுங்குவார்களோ. கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களை கேமராவில் நானே பார்த்திருக்கிறேன். உள்ளே வந்தவர்களிடம் எங்கள் பையன்கள் "ஸ்கால்ப் ட்ரையா இருக்கு சார், ஒரு ஸ்பா போட்டுடலாமா" என்று ஆரம்பிப்பார்கள், ஏனென்றால் அதில் அவர்களுக்குக் கமிஷன். போதாததற்கு 350 என்று சொல்லிவிட்டு அன்றைய 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 413க்குப் பில் போடுவோம். தெருமுனைக் கடையில் இப்படியொரு வரி இருக்கிறது என்பதே தெரியாது. ஒருவர் பில்லைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பணம் கொடுத்துப் போனார், மறுபடி வரவே இல்லை. சண்டை போட்டிருந்தால்கூட வந்திருப்பார்.

நோட்டைப் பார்த்தபிறகு மாற்றினோம். வரியோடு சேர்த்த விலையைப் பெரிதாக வெளியே எழுதினோம். "கேட்காத எதையும் செய்ய மாட்டோம்" என்று ஒரு வரி. கமிஷனைப் பாதியாக்கினோம், பையன்கள் முணுமுணுத்தார்கள். இவை எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்தது எது தெரியுமா, "செவ்வாய்க்கிழமையும் உண்டு". ஊரில் பெரும்பாலான சலூன்கள் செவ்வாய் லீவு. புதன்கிழமை இன்டர்வியூ இருக்கிற பையன் எங்கே போவான்? யுனிசெக்ஸுக்கு எதிராக வைத்துப் பார்த்தால் அந்த வரிக்கு மதிப்பே இல்லை, அவர்களும் செவ்வாயில் திறந்துதான் இருக்கிறார்கள். சலூனுக்கு எதிராக வைத்தால்தான் அது வேலை செய்கிறது. செவ்வாய் யோசனை என்னுடையது இல்லை, அண்ணனுடையது. எங்கப்பா கடை என்று சிரித்துக்கொண்டே சொன்னவர், என் தப்பை முதல் நாளே காட்டிவிட்டார், நான்தான் அதை ஜோக் என்று எடுத்துக்கொண்டேன்.

நவம்பரில் இன்னொரு கூத்து. தாடி சர்வீஸ் திடீரென்று சரிந்தது. வாசகம் தப்பு, விலை தப்பு என்று இரண்டு ராத்திரி உட்கார்ந்து புது நோட்டீஸ் எழுதிக்கொண்டிருந்தேன். அண்ணன் பார்த்துவிட்டு, "கார்த்திகை வந்துருச்சுங்க தம்பி, பாதிப்பேரு மாலை போட்டுருக்காங்க. தைல பாருங்க" என்றார். தை பிறந்து மலைக்குப் போனவர்கள் திரும்பியதும் நாற்காலி நிறைந்தது. அடுத்த வருடம் அந்தச் சமயத்துக்கென்றே ஷேவிங்கும் தலை மசாஜும் சேர்த்து ஒரு விலை வைத்தோம், நன்றாகப் போனது.

ஆனால் முழுக்க நான் தப்பு, அவர் சரி என்றும் எழுத முடியவில்லை. அந்த ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான யுனிசெக்ஸ் ஆட்கள் இருக்கிறார்களே, அவர்கள்தான் இன்றுவரை அதிகம் தங்கியிருக்கிறார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் வருகிறார்கள், விலை கேட்பதில்லை. ஒருவர் சொன்னார், அங்கே பக்கத்து நாற்காலியில் ஆபீஸ் பெண் உட்கார்ந்திருக்கும்போது தாடிக்கு டை அடிக்கச் சொல்லக் கூச்சமாக இருந்ததாம். அவருக்கு "ஆண்களுக்கு மட்டும்" என்பது புதுசுதான், நிம்மதியும்தான். அதே இரண்டு வார்த்தையைப் படித்துவிட்டு, ஏழு வயதுப் பையனைக் கூட்டிவந்த ஒரு அம்மா உள்ளே உட்காரலாமா என்று வாசலிலேயே நின்று கேட்டார். ரிசப்ஷன் பையன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். நான் "வாங்க" என்று சொல்வதற்குள் அவர் பக்கத்து யுனிசெக்ஸுக்குப் போய்விட்டார். ஆக, தப்பு அந்த இரண்டு வார்த்தையிலா, அதற்கு முன்னால் வந்த "சலூன் இல்லை"யிலா என்று கேட்டால், ஒரு நாள் ஒன்று தோன்றுகிறது, மறுநாள் மற்றது.

அண்ணன் பதினான்காவது மாதம் கிளம்பினார். காரணம் கேட்டதற்கு, வீட்டுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது, ராத்திரி ஒன்பது மணிவரை நிற்க முடியவில்லை என்றார். இரண்டும் உண்மைதான். சிங்காநல்லூர் பக்கம் இரண்டு நாற்காலி போட்டுக் கடை வைத்திருக்கிறார், போர்டில் சலூன் என்றுதான் இருக்கிறது, செவ்வாய் லீவும் உண்டு. எங்கள் கஸ்டமர்களில் ஏழெட்டுப் பேர் அவ்வளவு தூரம் பைக்கில் போகிறார்கள். நோட்டீஸுக்கும் அவர் போனதற்கும் சம்பந்தமில்லை என்று முதலாளி சொல்கிறார். பதினான்கு மாதம் கழித்து யாராவது ஒரு வரிக்காகப் போவார்களா என்கிறார். போக மாட்டார்கள்தான். ஆனால் மடித்துப் பையில் வைத்துக்கொள்ள அதில் என்ன இருந்தது?

தலைமுறையாகச் செய்துவந்த வேலையின் பெயரை, சீ என்று ஒதுக்குகிற மாதிரி, நான் விற்பனைக்குப் பயன்படுத்தினேன். அந்தப் பெயரைச் சொல்லி ஊர் அந்த வேலை செய்தவர்களை எங்கே நிறுத்தி வைத்திருந்தது என்று தெரியாத ஆளும் இல்லை நான். "அது கஸ்டமருக்கு, உங்களுக்கில்ல" என்ற பதிலில்தான் எனக்கு வெட்கமே. கஸ்டமர் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் படிக்கும்போது, பின்னால் கத்தியோடு நிற்பவர் யார்? ஒருவேளை நான் பெரிதுபடுத்துகிறேனோ என்னவோ. அவர் அன்றைக்கே மறந்திருக்கலாம்.

போன மாதம் முதலாளி இரண்டாவது கடைக்குப் பீளமேட்டில் இடம் பார்த்துவிட்டு, பழைய நோட்டீஸையே எடுத்து, போன் நம்பரை மட்டும் மாற்றச் சொன்னார். முதல் வரியை அடித்துவிட்டு அனுப்பினேன். "அது நல்லாத்தானே இருந்துச்சு, ஏன் எடுத்தீங்க" என்று கேட்டார். நோட்டைக் காட்டினேன், நமக்கு வருகிறவன் சலூனிலிருந்துதான் வருகிறான், அவன் போய்க்கொண்டிருந்த இடத்தை மட்டம்தட்டி அவனைக் கூப்பிட முடியாது என்று சொன்னேன். சரி என்று ஒத்துக்கொண்டார். அண்ணன் பேச்சை நான் எடுக்கவில்லை.